பத்தொன்பதரை அங்குலம்

மகளுக்கு ஏழு வயது முடிந்த வாரம், வீட்டில் மூன்று பேர் மூன்று வாத்தியங்களைச் சொன்னோம். என் அம்மா வீணை என்றார். நான் கீபோர்டு என்றேன். என் மனைவி, "மொதல்ல அவளைக் கேளுங்க" என்றாள். கேட்டோம். "வயலின்" என்றாள் மகள். ஒரு கல்யாண வரவேற்பில் மேடைக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். எதற்காகப் பிடித்தது என்று விசாரித்தால், "அந்தக் குச்சி" என்று பதில் வந்தது.

குச்சிக்காக ஒரு வாத்தியம் வாங்குவதா என்று எனக்குத் தயக்கம். அதன் பிறகு வீட்டில் நடந்ததையும், கடையிலும் வகுப்பிலும் தெரிந்துகொண்டதையும் எழுதிவைக்கிறேன். நான் இசைக்காரன் இல்லை. கச்சேரிக்குப் போவேன், சினிமாப் பாட்டை முணுமுணுப்பேன், அவ்வளவுதான்.

முதலில் வீணை. அது ஏற்கெனவே வீட்டில் இருந்தது, அதாவது காசு செலவே இல்லை என்று நினைத்தோம். அம்மா கல்யாணத்துக்கு முன் வாசித்த தஞ்சாவூர் வீணை, பலா மரம். முப்பது வருஷத்துக்கு மேல் பரணில் போர்வை சுற்றிக் கிடந்தது. இறக்கித் துடைத்து ஹாலில் வைத்தபோதுதான் அதன் அளவே உறைத்தது. நான்கு அடி. எங்கள் வீடு இரண்டு படுக்கையறை ஃபிளாட், சோபாவுக்கும் டிவி மேசைக்கும் நடுவில் இருக்கிற இடம் ஆறு அடி. வீணை கிடந்தால் ஆள் தாண்டித்தான் போகவேண்டும்.

இடத்தையாவது எப்படியோ சமாளிக்கலாம். மகளைச் சம்மணமிட்டு உட்காரவைத்து, குடத்தைத் தரையில் அமர்த்தி, சுரைக்காயை அவள் இடது தொடைமேல் சாய்த்தார் அம்மா. வலது கை தந்தியைத் தொட்டது. இடது கை தண்டிக்கு அடியில் போய் மேலே வரவேண்டும். யாளி முகத்துக்குப் பக்கத்தில், தந்திக்கு அடியில் உள்ள முதல் உலோக மெட்டுகளைத் தொட அவள் உடம்பையே இடது பக்கம் சாய்த்தாள். சாய்ந்ததும் வலது கை தந்தியை விட்டு நகர்ந்தது. இரண்டு கையும் ஒரே நேரத்தில் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. அம்மாவே, "இன்னும் ரெண்டு மூணு வருஷம் போகட்டும்டா" என்று சொல்லிவிட்டார். குழந்தைகளுக்கென்று சின்ன வீணைகள் செய்து தருகிறார்கள். ஆனால் அது புதிதாக வாங்கும் செலவு, பரணில் இருப்பது இலவசம் என்ற எங்கள் கணக்கு அங்கேயே அடிபட்டுப் போனது.

அந்த வீணையும் உண்மையில் இலவசம் இல்லை. இருபத்துநான்கு மெட்டுகளும் மெழுகின்மேல் பதிந்திருக்கும். பரணின் வெப்பத்தில் மெழுகு இளகியும் இறுகியும் சில மெட்டுகள் நகர்ந்துவிட்டன, ஒன்றிரண்டு ஆடின. பழைய மெழுகைச் சுரண்டி எடுத்து, புது மெழுகு வைத்து, ஒவ்வொரு மெட்டாகச் சுருதி பார்த்துப் பதிப்பதற்கு மேளம் கட்டுவது என்று பெயர். காது தேர்ந்த ஆள்தான் செய்ய முடியும், அந்தக் கைவேலைக்கு நல்ல கூலி. மேளம் சரியில்லாத வீணையில் குழந்தை பழகினால், சரியான இடத்தில் விரல் வைத்தாலும் தப்பான ஸ்வரம்தான் கேட்கும். பரம்பரை வாத்தியம் வீட்டில் இருப்பவர்கள் இதை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

நடுவில் புல்லாங்குழலும் ஒரு நாள் வந்து போனது. விலை சில நூறு ரூபாய், பையில் அடங்கும், யாருக்குத்தான் ஆசை வராது. அலுவலக நண்பர் ஒருவர் சின்னக் குழல் ஒன்றைக் கொடுத்தார். மகள் ஊதினாள், காற்றுதான் வந்தது, ஒரு நிமிஷத்தில் தலை சுற்றுகிறது என்றாள். தலைசுற்றல் எல்லா ஆரம்பக்காரர்களுக்கும் வருவதுதான், போகப் போகச் சரியாகும். ஆனால் அவளுடைய மேல் முன்பல் இரண்டும் அந்த நேரத்தில் ஆடிக்கொண்டிருந்தன. குழல் சொல்லித்தரும் ஒருவரிடம் கேட்டதற்குச் சிரித்தார்: "பல்லு விழுந்து மொளைக்கட்டும் சார். இப்ப உதடு பழகினா, புதுப் பல்லு வந்ததும் திரும்பப் பழகணும்." ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் முன்பல் விழுந்து முளைக்கிற காலம். உதட்டுக்குப் பின்னால் பல் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்துக் காற்று போகிற வழி மாறும். விலையும் இடமும் மட்டும் பார்த்திருந்தால் இது எனக்குத் தோன்றியே இருக்காது.

கீபோர்டு என் கட்சி. அதற்காக வாதாட என்னிடம் நிறைய இருந்தது. சுருதி சேர்க்க வேண்டாம். கட்டையை அழுத்தினால் சரியான ஸ்வரம் வரும், முதல் நாளே. ஹெட்ஃபோன் மாட்டினால் கீழ்வீட்டுக்குக் கேட்காது. அறுபத்தொரு கட்டை உள்ள கீபோர்டு மூன்று அடிக்குச் சற்றுத்தான் அதிகம். குழந்தை வளர்ந்தாலும் மாற்ற வேண்டாம். சித்தி மகன் கல்லூரிக்குப் போனதும் சும்மா கிடந்த கீபோர்டை இரண்டு வாரத்துக்கு இரவல் வாங்கி வந்தேன்.

அந்த இரண்டு வாரமும் எங்கள் வீட்டில் நாய் குரைத்தது. குரல்களின் பட்டியலில் எங்கோ கடைசியில் ஒரு நாய் இருக்கிறது. அதைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். ஸ அழுத்தினால் ஒரு குரைப்பு, ப அழுத்தினால் கொஞ்சம் கீச்சான குரைப்பு. பிறகு டெமோ பாட்டு, அப்புறம் தானே தாளம் போடும் பொத்தான். ஒரு விரலை வைத்தால் பின்னணியில் ஒரு இசைக்குழுவே வாசித்தது. அவளுக்கு வேடிக்கை, எனக்குத் தலைவலி. இரண்டு வாரத்தில் அவள் தானாக உட்கார்ந்து கட்டை கட்டையாகத் தேடி வாசித்தது ஒரே ஒரு தடவை, பிறந்தநாள் பாட்டு.

இது கீபோர்டின் குற்றம் இல்லை. நல்ல ஆசிரியர் இருந்தால் அந்தப் பொத்தான்கள்மேல் ஒரு அட்டையை ஒட்டி மூடிவிட்டு, ஐந்து விரலுக்கு ஐந்து கட்டை என்று ஆரம்பிப்பார். பியானோ வழியில் போகிற குழந்தைக்கு அது அருமையான தொடக்கம். எங்கள் வீட்டுக் காது கர்நாடக சங்கீதத்தின் பக்கம். கீபோர்டில் ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் நடுவில் எதுவும் கிடையாது, அதனால் ஸ்வரத்தை அசைத்து வாசிக்கும் கமகத்துக்கு வழியில்லை. சுருதி விலகினால் காது கூச வேண்டும் என்பதையும் அது கற்றுத்தராது, ஏனென்றால் அதில் விலகவே முடியாது. முதல் நாள் எளிதாக இருப்பதற்கு மூன்றாம் வருஷம் விலை கொடுப்பது போல எனக்குப் பட்டது. இப்படி வாதாடியது என் மனைவி. நான் வேறு வழியில்லாமல் ஒப்புக்கொண்டேன்.

ஆகக் குச்சிக்கே வந்து சேர்ந்தோம்.

எங்கள் பகுதியில் குழந்தைகளுக்கு வயலின் சொல்லித்தரும் டீச்சர் ஒருவர் இருக்கிறார். போன் செய்து, "என்ன வயலின் வாங்கட்டும்?" என்று கேட்டேன். "ஒண்ணும் வாங்காதீங்க, கூட்டிட்டு வாங்க" என்றார். போனதும் சுருதிப் பெட்டியை ஐந்து கட்டை என்ற சுருதியில் வைத்து, ஸ பாடச் சொன்னார். மகள் பாடினாள். கொஞ்சம் கீழே நின்றது. டீச்சர் தானும் கூடப் பாடினார், இவள் குரல் மெல்ல ஏறி வந்து சேர்ந்துகொண்டது. "போதும்" என்றார். சேராத குழந்தையை அவர் திருப்பி அனுப்பிவிடுவதில்லை, இரண்டு மாதம் வெறும் பாட்டு வைப்பாராம். வயலினில் விரல் வைக்க மெட்டு கிடையாது, காதுதான் மெட்டு. அந்தக் காது கொஞ்சமாவது முளைத்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

அப்புறம் மேசை இழுப்பறையிலிருந்து தையல்காரர் டேப் ஒன்றை எடுத்தார். மகளை நேராக நிற்கவைத்து, இடது கையைத் தோள் உயரத்துக்குப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி, கழுத்தின் ஓரத்திலிருந்து உள்ளங்கையின் நடு வரைக்கும் அளந்தார். பத்தொன்பதரை அங்குலம். "கால் சைஸ்" என்றார்.

முழு வயலினுக்குக் கீழே முக்கால், அரை, கால், அரைக்கால் என்று குழந்தைகளுக்கான அளவுகள் உண்டு. அவை பெயரளவில்தான் பின்னம். கால் சைஸ் வயலின் முழு வயலினின் நான்கில் ஒரு பங்கு நீளம் கிடையாது. முழு வயலினின் உடல் பதினான்கு அங்குலம் என்றால் கால் சைஸின் உடல் பதினொன்று. கை அளவு பதினெட்டரையிலிருந்து இருபது அங்குலம் வரை என்றால் கால், இருபதைத் தாண்டி இருபத்திரண்டு வரை அரை, அதற்குமேல் முக்கால். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் அரை அங்குலம் முன்பின் இருக்கும், அதனால் வாத்தியத்தைக் கையில் கொடுத்தும் பார்க்கவேண்டும்.

கடைக்குப் போனபோது இதே பிரச்சினைதான் வந்தது. கடைக்காரர் மகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு அரை சைஸை எடுத்து நீட்டினார். "வளர்ற புள்ள சார், ஆறு மாசத்துல கால் சைஸ் பத்தாது." பள்ளிச் சீருடையை ஒரு அளவு பெரிதாகத்தானே வாங்குகிறோம். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. மனைவி போனில் டீச்சரைப் பிடித்தாள். "வேண்டவே வேண்டாம்" என்றார் அவர். ஏன் என்பதை அடுத்த வகுப்பில், அளவுகோலோடு காட்டினார். இத்தனை மாதத்தில் நான் தெரிந்துகொண்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

கர்நாடக சங்கீதத்தில் முதல் பாடமான சரளி வரிசை மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பிக்கும். அந்த ராகத்தில் ரி, ஸவுக்கு மிக அருகில் இருக்கிறது. க, ரியிலிருந்து நல்ல தூரம். ம, கவுக்கு ஒட்டினாற்போல். வயலினில் ஸ வெறும் தந்தி, ரிக்கு ஆள்காட்டி விரல், கவுக்கு நடு விரல், மவுக்கு மோதிர விரல். அப்படியானால் ஆள்காட்டி விரல் தந்தியின் தலைமாட்டை ஒட்டி நிற்கும்போது நடு விரல் விலகி நீளவேண்டும், மோதிர விரல் நடு விரலோடு உரசி நிற்கவேண்டும். டீச்சர் முழு வயலின் ஒன்றில் அளந்து காட்டினார். அதிரும் தந்தியின் நீளம் முப்பத்துமூன்று சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ரி, தலைமாட்டிலிருந்து இரண்டு சென்டிமீட்டரில். க, ஆறரையில். இரண்டு விரலுக்கும் நடுவே நாலரை சென்டிமீட்டர். மகள் தன் ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் மேசைமேல் முடிந்த மட்டும் விரித்து வைத்தாள். நாலரை வரவில்லை, வலிக்கிறது என்றாள். கால் சைஸில் தந்தி இருபத்தாறு சென்டிமீட்டர் போல, அதில் இதே இடைவெளி மூன்றரையைக் கொஞ்சம் தாண்டும். அது வந்தது.

அரை சைஸுக்கும் கால் சைஸுக்கும் இந்த இடைவெளியில் வித்தியாசம் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். அது பெரிய விஷயமா என்று கேட்டேன். "எட்டலைன்னா குழந்தை என்ன பண்ணும் தெரியுமா? நடு விரலை நீட்டாது, ஆள்காட்டி விரலை மேலே இழுத்துக்கும். ரி ஏறிடும். அவளுக்கு வலி தெரியும், ரி ஏறினது தெரியாது. ஆறு மாசம் அப்படியே வாசிச்சா அந்த ரிதான் சரின்னு காதுல பதிஞ்சிடும்." மாயாமாளவகௌளைக்கு இன்னொரு வசதியும் உண்டு. ப த நி ஸ என்ற மேல் பாதியும் ஸ ரி க ம போலவே அமைந்திருக்கிறது. அடுத்த தந்தியை ப என்று வைத்தால் விரல்கள் அதே இடத்தில் விழும். குழந்தை ஒரே ஒரு விரல் அமைப்பைக் கற்றுக்கொண்டால் போதும், இரண்டு தந்தியில் ஒரு ஸ்தாயி முழுக்க வந்துவிடும். பாடத்தை வகுத்தவர்கள் வயலினை மனதில் வைத்திருக்க வாய்ப்பில்லை, ஏனென்றால் முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் வயலினை நம் சங்கீதத்துக்கு எடுத்துவந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. ஆனாலும் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது.

உட்காரும் முறையும் குழந்தைக்குச் சாதகம். மேற்கத்திய முறையில் நின்றுகொண்டு மோவாயில் இடுக்கித் தூக்கிப் பிடிக்கவேண்டும். இங்கே சம்மணமிட்டு, வயலினின் அடிப்பகுதியை இடது தோள் பக்கம் மார்பில் அணைத்து, சுருள் தலையை வலது கணுக்காலில் ஊன்றுவார்கள். எடையைக் கால் தாங்கிக்கொள்ளும், இடது கைக்கு ஓடியாட விடுதலை. ஆனால் வயலின் பெரிதாக இருந்தால் சுருள் கணுக்காலைத் தாண்டிப் போய்விடும், குழந்தை காலை முன்னால் தள்ளும், இடுப்பு வளையும். கடையில் பார்க்கவேண்டியது இதைத்தான். தரையில் உட்காரவைத்து, சுருள் கணுக்காலில் உட்காருகிறதா, தலைமாட்டில் விரல் வைக்கும்போது முழங்கை இன்னும் மடங்கித்தான் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கடைக்காரர் விரிக்கப் பாய் இல்லை என்றார். செய்தித்தாளை விரித்து உட்காரவைத்தோம்.

கடையில் கால் சைஸ், பெட்டி, வில், வில்லில் தேய்க்கும் ரோசின் எல்லாம் சேர்த்து ஐந்தாயிரத்து ஐநூறு சொன்னார்கள். வாங்கவில்லை. டீச்சரிடம் பழைய மாணவர்கள் விட்டுப்போன கால் சைஸ் இரண்டு இருந்தன. ஒன்றை மூவாயிரத்துக்குக் கொடுத்தார். இவள் அரைக்கு மாறும்போது அதே டீச்சர் மூலம் அடுத்த குழந்தைக்குப் போகும், பாதிக்குமேல் காசு திரும்பும். குழந்தை வயலின்கள் இப்படித்தான் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒன்றரை இரண்டு வருஷத்துக்குமேல் ஒரு வீட்டில் தங்குவதில்லை, அதனால் பழையது என்றாலும் பெரிதாகத் தேய்ந்திருக்காது. பதின்ம வயதுக்குள் கால், அரை, முக்கால், முழு என்று நான்கு வாங்கவேண்டும் என்று கேட்டு முதலில் மலைத்தேன். கைமாற்றுச் சங்கிலியில் சேர்ந்தால் அந்த மலைப்பு தேவையில்லை.

செலவை எழுதிப் பார்த்தேன். வயலின் மூவாயிரம். ஒரு செட் தந்தி அறுநூறு, ரோசின் நூற்றைம்பது, சத்தம் குறைக்கும் ரப்பர் ம்யூட் இருநூறு. ஆக மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. வகுப்புக் கட்டணம் மாதம் ஆயிரத்து எண்ணூறு, வருஷத்துக்கு இருபத்தோராயிரத்து அறுநூறு. முதல் வருஷச் செலவில் வாத்தியத்தின் பங்கு ஆறில் ஒன்றுகூட இல்லை. ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்கக் கடை கடையாக ஏறி இறங்கிய நான், வகுப்பு எத்தனை தூரம், போய்வர எவ்வளவு நேரம் என்பதை யோசிக்கவே இல்லை. நல்ல வேளை, டீச்சர் வீடு இரண்டு தெரு தள்ளி.

வயலின் வீட்டுக்கு வந்த முதல் மாலை சத்தமே வரவில்லை. மகள் வில்லை இழுத்தாள், காகிதத்தில் கை உரசுவதுபோல ஒரு ஓசை. அவள் முகம் வாடிவிட்டது. வாத்தியம் பழுது என்று நினைத்து டீச்சருக்குப் போன் செய்தேன். "வில்லுக்குப் புது முடி போட்டுத்தான் குடுத்தேன். ரோசின் போட்டீங்களா?" ரோசின் கட்டி கண்ணாடிபோல் வழவழவென்று இருந்தது, அதில் வில்லைத் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போனது. புதுக் கட்டியின் மேற்பரப்பை உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கி, பிறகு வில் முடியை நுனி முதல் அடி வரை இருபது முப்பது தடவை இழுக்கவேண்டுமாம். இழுத்தோம். அதன் பிறகு வந்த சத்தத்துக்குப் பழைய மௌனமே தேவலை, ஆனால் அவள் குதித்தாள்.

அடுத்து, யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாத விஷயம். சுருதி சேர்ப்பது யார்? ஏழு வயதுக் குழந்தையால் முடியாது. முறுக்காணியைத் திருப்பும்போது உள்ளே அழுத்திக்கொண்டே திருப்பவேண்டும், இல்லாவிட்டால் நழுவிவிடும். அதற்கு விரலில் வலு வேண்டும், காதும் வேண்டும். டீச்சர் வாரத்துக்கு இரண்டு நாள்தான் பார்க்கிறார், மீதி ஐந்து நாள் வீட்டில் யாரோ சேர்க்கவேண்டும். அந்த யாரோ நான்தான். குழந்தைகளுக்கு அவர் ஐந்து கட்டைதான் வைக்கிறார், அதாவது ஸ என்பது G. போனில் ஒரு ட்யூனர் செயலி போட்டுக்கொண்டேன். தடித்த தந்தியிலிருந்து மெல்லியது வரை திரையில் G, D, G, D என்று வந்தால் ஸ, ப, ஸ, ப சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். மேற்கத்திய முறையில் சேர்த்து வரும் வயலினில் கீழ் இரண்டு தந்தியும் ஏற்கெனவே அப்படித்தான் இருக்கும், மேல் இரண்டை ஒவ்வொரு ஸ்வரம் இறக்கினால் போதும்.

சொல்வது சுலபம். இரண்டாம் நாளே மெல்லிய தந்தியை அறுத்துவிட்டேன். திரையில் D வந்துவிட்டது என்று பார்க்காமல் அதற்கு மேலேயும் முறுக்கிக்கொண்டே போயிருக்கிறேன், டப்பென்று கன்னத்துக்குப் பக்கத்தில் பறந்தது. அதிலிருந்து பெரிய முறுக்காணியை நான் தொடுவது அரிது. வால் பக்கத்தில் தந்திகள் மாட்டியிருக்கும் இடத்தில் சின்னத் திருகுகள் இருக்கின்றன, நுண்திருகு. எங்கள் வயலினில் நான்கு தந்திக்கும் இருந்தன. கடைகளில் சிலவற்றில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். வாங்குகிறவர்கள் நான்கு இருக்கிறதா என்று பாருங்கள், அன்றாடச் சுருதி விலகலை அதிலேயே சரிசெய்துவிடலாம், பெற்றோரின் கன்னமும் தப்பும்.

மழைக்காலத்தில் முறுக்காணி மரம் ஈரத்தில் உப்பி இறுகிக்கொண்டது. ஏசி அறையில் வைத்த இரண்டு நாளில் காய்ந்து சுருங்கி, நான்கு தந்தியும் தளர்ந்து தொங்கின. இப்போது பெட்டி ஹாலில்தான். நழுவும் முறுக்காணிக்கு டீச்சர் சாக்பீஸ் பொடியை லேசாகத் தடவினார், நின்றுவிட்டது.

இடம் என்ற கணக்கும் நான் நினைத்ததுபோல் இல்லை. கால் சைஸ் பெட்டி சோபாவுக்கு அடியில் போய்விடும். போகவும் செய்தது, முதல் வாரம். அந்த வாரம் அவள் ஒரு நாள்தான் எடுத்தாள். பெட்டியை இழுத்து, ஜிப்பைத் திறந்து, வில்லை முறுக்கி, என்னைக் கூப்பிட்டுச் சுருதி சேர்க்கவைத்து... அதற்குள் கார்ட்டூன் ஆரம்பித்துவிடுகிறது. இப்போது புத்தக அலமாரியின் கீழ்த்தட்டைக் காலிசெய்து, பெட்டியைத் திறந்த வாக்கிலேயே ஒரு பருத்தித் துணியால் மூடி வைத்திருக்கிறோம். நான் அலுவலகத்திலிருந்து வந்ததும் முதலில் சுருதியைச் சேர்த்து வைத்துவிடுவேன். அவள் செய்யவேண்டியது எடுத்து உட்காருவது மட்டும்தான். வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்தி வைப்பது அவள் பொறுப்பு. முறுக்கியபடியே விட்டால் குச்சி வளைந்துவிடும் என்றதும் அதில் மட்டும் மறதியே கிடையாது. அவளுக்குக் குச்சிதானே முக்கியம்.

கீழ்வீட்டுப் பெரியவருக்கு ஆறரை மணிக்குச் செய்தி. அதற்கு முன் இருபது நிமிஷம், அதுதான் ஒப்பந்தம். வார நாட்களில், அவர் ஊரில் இல்லாத நாள் தவிர, ம்யூட்டைக் கழற்றுவதில்லை. ம்யூட் போட்டால் ஓசை மூக்கடைத்ததுபோல் ஆகும், தன் தவறு தனக்குச் சரியாகக் கேட்காது. அதனால் வாரத்தில் இரண்டு நாளாவது கழற்றி வாசிக்கச் சொல்கிறார் டீச்சர். சனி, ஞாயிறு காலை பதினொரு மணி என்று பெரியவரிடம் பேசி வைத்திருக்கிறேன். போன ஞாயிறு படியில் பார்த்தபோது, "ஜண்டை ஆரம்பிச்சாச்சு போல" என்றார். சரளிக்கு அடுத்த பாடம் அது. சத்தம் தொந்தரவாக இருக்கிறதா என்று கேட்க வாயெடுத்தவன் பேசாமல் இருந்துவிட்டேன்.

எட்டு மாதம் ஆகிறது. முதல் இரண்டு மாதம் விரலே வைக்கவில்லை. வெறும் தந்தியில் நீளமாக வில் போடுவது மட்டும்தான். அதுதான் மிகக் கடினமான காலம், அவளுக்கும் எங்களுக்கும். வில், தந்திகளைத் தாங்கும் பாலத்துக்கும் விரல் பலகைக்கும் நடுவில் நேராகப் போகவேண்டும், அது வழுக்கிப் பாலத்தை நெருங்கினால் கீச்சிடும், விரல் பலகைப் பக்கம் போனால் ஓசை வலுவிழக்கும். அந்தக் காலத்தில் விட்டுவிடுகிற குழந்தைகள்தான் அதிகம் என்றார் டீச்சர். கீபோர்டில் அந்த இரண்டு மாதத்தில் நான்கு பாட்டு வந்திருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். என் மகள் விடாததற்குக் காரணம் பொறுமை இல்லை. அதே வகுப்பில் அவளைவிட ஒரு வயது பெரிய பெண் ஒருத்தி சரளி வரிசையை இரண்டாம் காலத்தில், அதாவது இரட்டை வேகத்தில், வாசிக்கிறாள், இவள் அவளைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

நேற்று டீச்சர் மறுபடி டேப்பை எடுத்தார். இருபதே கால். பட்டியல்படி அரை சைஸ் எட்டிவிட்டது. மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். டீச்சர் அவளை உட்காரவைத்து, சுருள் கணுக்காலில் நிற்பதையும் விரல் விரிவதையும் பார்த்துவிட்டு, "இதுல நல்லா வருது, இன்னொரு ஆறு மாசம் போகட்டும்" என்றார். வாசலில் ஒரு அம்மா ஐந்தரை வயசுப் பையனோடு காத்திருந்தார். பையன் செருப்பைக் கழற்றாமலே எட்டிப் பார்த்து, "அந்தக் குட்டி வயலின் எப்ப எனக்கு?" என்று கேட்டான். மகள் பெட்டியை மூடி ஜிப்பை இழுத்துவிட்டாள்.